ஃப்ரிட்ஜ் “ம்ம்ம்… டக்”னு நின்னுடுதா? கம்ப்ரசரை மாத்துறதுக்கு முன்னாடி ரிலே, ஓஎல்பி, வோல்டேஜ் மூணையும் இப்படி பாருங்க

போன டிசம்பர்ல ஏற்காட்டுல நாகலூர் பக்கம் இருக்கிற பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன், போனதும் காபி குடுத்துட்டு பெரியம்மா சொன்ன முதல் விஷயம் “ஃப்ரிட்ஜு போச்சுப்பா, கம்ப்ரசரே போயிருச்சாம், ஆறாயிரத்து ஐநூறு ஆகும்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க” அப்படின்னுதான். 190 லிட்டர் சிங்கிள் டோர், வாங்கி 6 வருஷம். மெக்கானிக் வந்து கம்ப்ரசரை ஸ்டார்ட் பண்ணி விடுற ரிலேயும், அதிக கரண்டு போனா கட் பண்ற ஓஎல்பியும் புதுசா மாத்திப் பாத்திருக்காரு, அப்பவும் அதே சத்தம்தான், “ம்ம்ம்”னு ஒரு பத்து செகண்டு முனகும், அப்புறம் “டக்”, அப்புறம் ஒரு ரெண்டு மூணு நிமிஷம் அமைதி, மறுபடியும் “ம்ம்ம்… டக்”. ரிலே மாத்தியும் ஓடலன்னா கம்ப்ரசர் ஜாம்தான்னு அவரு முடிவு பண்ணிட்டாரு.

அந்தக் கம்ப்ரசர் இன்னைக்கும் அதே வீட்ல ஓடிக்கிட்டு இருக்கு, அதுக்கு மேல ஃப்ரிட்ஜ்ல ஒரு பார்ட்டும் மாத்தல. எப்படிக் கண்டுபிடிச்சேன்னு அந்த வரிசையிலேயே எழுதுறேன், உங்க வீட்டு ஃப்ரிட்ஜுக்கும் அப்படியே செஞ்சு பாக்கலாம். தேவையானது ஒரு சாதாரண மல்டிமீட்டர், ஒரு கிளாம்ப் மீட்டர், கூட ஒரு ஆள்.

முதல்ல அந்த “டக்” என்னன்னு புரிஞ்சுக்கணும்

கம்ப்ரசர் டப்பாக்குள்ள இருக்கிறது ஒரு சிங்கிள் ஃபேஸ் மோட்டார். அதுல ரெண்டு வைண்டிங், ஒண்ணு ரன்னிங், இன்னொண்ணு ஸ்டார்ட்டிங். ரன்னிங் வைண்டிங்குக்கு மட்டும் கரண்டு குடுத்தா மோட்டார் தானா சுத்தாது, நடுங்கி முனகிக்கிட்டே நிக்கும், ஏன்னா எந்தப் பக்கம் சுத்தணும்னு தள்ளி விடறதுக்கு ஆள் இல்ல. அந்தத் தள்ளுற வேலைதான் ஸ்டார்ட்டிங் வைண்டிங்குக்கு. ஆனா அது மெல்லிசான கம்பில சுத்தினது, ஒரு செகண்டு வேலை செஞ்சிட்டு வெளிய வந்துடணும், தொடர்ந்து கரண்டு போனா எரிஞ்சிடும்.

அந்த ஒரு செகண்டுக்கு மட்டும் கரண்டை விட்டுட்டு அப்புறம் நிறுத்துறதுதான் ரிலேயோட வேலை. இப்ப வர்ற சாதாரண ஃப்ரிட்ஜ்ல பெரும்பாலும் இருக்கிறது பிடிசி ரிலே, அதுல அசையிற பாகமே கிடையாது. உள்ள எட்டணா காசு சைஸுக்கு ஒரு பீங்கான் வில்லை இருக்கும், அவ்வளவுதான். குளிர்ச்சியா இருக்கும்போது அந்த வில்லையோட ரெசிஸ்டன்ஸ் 15லேர்ந்து 35 ஓம் மாதிரி கம்மியா இருக்கும், கரண்டு தாராளமா ஸ்டார்ட்டிங் வைண்டிங்குக்குப் போகும். அந்தக் கரண்டே வில்லையைச் சூடாக்கும், ஒரு செகண்டுக்குள்ள 120 டிகிரியைத் தாண்டிடும், தாண்டினதும் ரெசிஸ்டன்ஸ் ஒரேயடியா ஆயிரக்கணக்கான ஓமுக்கு ஏறிடும், ஸ்டார்ட்டிங் வைண்டிங் கிட்டத்தட்ட கட் ஆன மாதிரி. ஃப்ரிட்ஜ் ஓடுற வரைக்கும் வில்லை சூடாவேதான் இருக்கும். அதனால நின்ன உடனே மறுபடி ஸ்டார்ட் பண்ண முடியாது, வில்லை ஆற ஒரு 3லேர்ந்து 5 நிமிஷம் வேணும். இத மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி டெஸ்ட் பண்றப்ப இத மறந்தா நல்ல ரிலேகூட கெட்டதாத் தெரியும்.

ஓஎல்பிங்கறது கம்ப்ரசர் மேல ஒட்டி உக்காந்திருக்கிற சின்ன கறுப்பு உருண்டை, ஓவர்லோட் ப்ரொடெக்டர். அதுக்குள்ள ரெண்டு உலோகம் ஒட்டின ஒரு தகடு, பக்கத்துல ஒரு குட்டி ஹீட்டர். மோட்டாருக்குப் போற மொத்த கரண்டும் இதுக்குள்ள போய்த்தான் காமன் பின்னுக்குப் போகும். ஓடும்போது முக்கால் ஆம்பியர், ஒரு ஆம்பியர்தான் போகும், அதுக்கு அது அசையாது. சுத்தாம நின்னுக்கிட்டே இருக்கிற மோட்டார் அஞ்சு ஆறு மடங்கு, அதுக்கு மேலயும்கூட இழுக்கும், அந்தச் சூட்டுல தகடு “டக்”னு பின்பக்கம் வளைஞ்சு சப்ளையைக் கட் பண்ணிடும், ஆறினதும் மறுபடி “டக்”னு சேரும். கம்ப்ரசர் டப்பா சூடா இருந்தா ஆற நேரமும் அதிகம்.

ஆக நமக்குக் கேக்குற “டக்” ரிலே கிடையாது, ஓஎல்பி. அது சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், “மோட்டார் சுத்தாம கரண்டை அதிகமா இழுக்குது, நான் காப்பாத்திட்டேன்”. ஏன் சுத்தலன்னு அது சொல்லாது. ஸ்டார்ட்டிங் வைண்டிங்குக்கு கரண்டே போகாம இருக்கலாம், போயும் வோல்டேஜ் பத்தாம இருக்கலாம், கேஸ் பிரஷர் இன்னும் இறங்காம இருக்கலாம், உள்ள பிஸ்டன் ஜாம் ஆகியிருக்கலாம், எல்லாத்துக்கும் ஒரே சத்தம்தான். இதுல எதுன்னு பிரிக்கிறதுதான் முழு வேலையும்.

கை வைக்கிறதுக்கு முன்னாடி

உங்க ஃப்ரிட்ஜ் இன்வெர்ட்டர் கம்ப்ரசர்னா இங்க சொல்றது எதுவும் பொருந்தாது. அதுல ரிலே கிடையாது, போர்டுதான் மோட்டாரை ஓட்டும், மூணு பின்லயும் எதுக்கும் எதுக்கும் அளந்தாலும் ஒரே ஓம்தான் வரும், அதுக்கு நேரடியா 230 வோல்ட் குடுத்தா மோட்டார் போயிடும். ஃப்ரிட்ஜ் கதவுலயோ கம்ப்ரசர் லேபிள்லயோ இன்வெர்ட்டர்னு போட்டிருந்தா நிறுத்திக்கோங்க.

பின்னாடி லேபிள்ல ஆர் 600ஏ அப்படின்னு இருந்தா உள்ள இருக்கிறது தீப்பிடிக்கிற கேஸ். நாம குழாய் பக்கமே போகப் போறதில்ல, ஆனாலும் லீக் ஆகுதுன்னு சந்தேகம் இருந்தா, எண்ணெய் கசிஞ்ச மாதிரி ஈரம் தெரிஞ்சா, கரண்டு குடுத்து டெஸ்ட் பண்ணாதீங்க.

இன்னொண்ணு ரொம்ப முக்கியம். கம்ப்ரசரோட மூணு பின்னும் கண்ணாடி மாதிரி ஒரு பொருள்ல பதிச்சு சீல் பண்ணது, உள்ள கேஸ் பிரஷர்ல இருக்கு. ஷார்ட் ஆன கம்ப்ரசர்ல கரண்டு குடுக்கும்போது அந்தப் பின்னு பிச்சுக்கிட்டு வந்து எண்ணெயும் கேஸும் நெருப்போட பீச்சினது உண்டு. அதனால கரண்டு இருக்கும்போது அந்தப் பக்க கவர் மூடியே இருக்கணும், மூஞ்சி அதுக்கு நேரா இருக்கக் கூடாது. கவரைக் கழட்டினா பிளக்கைப் பிடுங்கியிருக்கணும், ஸ்விட்ச் ஆஃப் மட்டும் பத்தாது. ரிலே பக்கத்துல கெப்பாசிட்டர் இருந்தா அதோட ரெண்டு முனையிலயும் ஒரு பல்ப் ஹோல்டர்ல குண்டு பல்ப் போட்டு தொட்டு எடுங்க, மிச்ச சார்ஜ் இறங்கிடும்.

முதல் வேலை, காதும் கடிகாரமும்

மீட்டரை எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை பிளக் போட்டு பக்கத்துல உக்காந்து கேளுங்க. சேலத்துல பாதி வீட்ல ஸ்டெபிலைசர் இருக்கு, அதுவும் “டக்டக்”னு அடிக்கும், தெர்மோஸ்டாட்டும் அடிக்கும். அதனால சத்தம் ஃப்ரிட்ஜ் பின்னாடி கீழேர்ந்து வருதா, செவுத்துல மாட்டியிருக்கிற ஸ்டெபிலைசர்லேர்ந்து வருதான்னு முதல்ல பாருங்க. முனகலே இல்லாம வெறும் டக் மட்டும் வந்தா அது இந்தக் கேஸ் இல்ல, கம்ப்ரசருக்கு கரண்டே போகலன்னு அர்த்தம். முனகலுக்கு அப்புறம் டக் வந்தாத்தான் நம்ம கேஸ்.

எத்தனை செகண்டு முனகுதுன்னு எண்ணுங்க, அஞ்சுலேர்ந்து பதினஞ்சு செகண்டுக்குள்ள அடிச்சா அது ஸ்டார்ட் ஆகவே இல்ல. நல்லா ஸ்டார்ட் ஆகி பத்து நிமிஷம் இருபது நிமிஷம் ஓடிட்டு டக்னு நின்னா அது வேற கதை, அத கடைசில சொல்றேன்.

அப்புறம் வீட்ல இருக்கிறவங்ககிட்ட எப்பெப்ப நிக்குதுன்னு கேளுங்க. பெரியம்மாகிட்ட கேட்டப்ப அவங்க சொன்னது “காலைல எந்திரிச்சுப் பாத்தா சில நாள் ஓடிக்கிட்டு இருக்கும்ப்பா, சாயங்காலம் ஆனா இந்த டக்கு டக்குதான்”. இந்த ஒரு வார்த்தை எனக்கு பாதி பதில். ஜாம் ஆன கம்ப்ரசருக்கு காலை சாயங்காலம் தெரியாது. சாயங்காலம் எல்லார் வீட்லயும் லைட்டு, ஹீட்டரு, மோட்டாருன்னு ஓடும்போது வோல்டேஜ் இறங்கும், விடிகாலைல ஏறும். ஆனா சந்தேகத்த வச்சு முடிவு பண்ணக் கூடாது, அளந்துதான் பாக்கணும்.

ஒண்ணு, டெஸ்ட் முடியற வரைக்கும் ராத்திரி முழுக்க டக்டக்னு அடிக்க விடாதீங்க. ஒவ்வொரு முனகலும் வைண்டிங்கைச் சுடுது, ஓஎல்பி தகடும் தேயும், நல்ல கம்ப்ரசர் இதனாலயே எரிஞ்சு போகும். பிளக்கைப் பிடுங்கி வச்சிடுங்க.

ரெண்டாவது, வைண்டிங்கை அளக்குறது

பிளக்கைப் பிடுங்கிட்டு, கம்ப்ரசர் ஆறுற வரைக்கும் அரை மணி நேரம் விட்டுட்டு, பக்கவாட்டு பிளாஸ்டிக் கவரோட கம்பி கிளிப்பை நெம்பி எடுங்க. எடுத்ததும் ஃபோன்ல ரெண்டு மூணு ஃபோட்டோ, எந்த வயர் எங்கன்னு. ரிலேயையும் ஓஎல்பியையும் நேரா இழுத்து எடுக்கணும், ஸ்க்ரூ டிரைவர் விட்டு ஆட்டி நெம்பாதீங்க, அந்தக் கண்ணாடி சீல் விரிசல் விட்டா கேஸ் போச்சு, கம்ப்ரசரும் போச்சு.

இப்ப மூணு பின் முக்கோணமாத் தெரியும். எது எதுன்னு படம் பாத்து யூகிக்க வேணாம், மீட்டரே சொல்லும். ரெண்டு ரெண்டா மூணு தடவை அளங்க. எந்த ரெண்டு பின்னுக்கு நடுவுல ஓம் அதிகமா வருதோ அது ஸ்டார்ட்டும் ரன்னும், மிச்சம் இருக்கிற மூணாவது பின் காமன். காமன்லேர்ந்து கம்மியா காட்டுறது ரன், அதைவிட அதிகமா காட்டுறது ஸ்டார்ட்.

பெரியம்மா வீட்டு கம்ப்ரசர்ல காமன்லேர்ந்து ரன் 13 ஓம், காமன்லேர்ந்து ஸ்டார்ட் 18 ஓம், ரன்னுக்கும் ஸ்டார்ட்டுக்கும் 31. பதிமூணும் பதினெட்டும் கூட்டினா முப்பத்தொண்ணு, கணக்கு சரியா வந்துச்சு. எண்ணு கம்ப்ரசருக்குக் கம்ப்ரசர் மாறும், ஆனா இந்தக் கூட்டல் மாறக் கூடாது. கூட்டல் இடிச்சாலோ, ரன் மூணு நாலு ஓம்னு ரொம்பக் கம்மியா வந்தாலோ உள்ள சுத்து ஷார்ட். ஏதாவது ஒரு ஜோடில மீட்டர் OL, அதாவது நடுவுல இணைப்பே இல்லன்னு காட்டினா அந்த வைண்டிங் கட். சில கம்ப்ரசர்ல ஓஎல்பி உள்ளயே இருக்கும், அதுல காமன்லேர்ந்து ரெண்டு பக்கமும் OL காட்டி ரன்-ஸ்டார்ட் மட்டும் நல்லா காட்டினா உள்ள ஓஎல்பி சூட்டுல திறந்திருக்கலாம், சில மணி நேரம் ஆற விட்டுட்டு மறுபடி அளந்துட்டு அப்புறம் தீர்ப்பு சொல்லுங்க.

அடுத்தது எர்த். ஒரு முனையை பின்னுல வச்சு இன்னொரு முனையை பெயிண்ட் இல்லாத செம்புக் குழாய்ல வச்சுப் பாருங்க, மெகாஓம் ரேஞ்சுல OL தான் வரணும். ஏதாவது எண்ணு காட்டினா அந்தக் கம்ப்ரசருக்கு மறுபடி கரண்டே குடுக்காதீங்க, நான் முன்னாடி சொன்ன பின் பீச்சுற ஆபத்து இந்த மாதிரி கேஸ்லதான்.

மூணாவது, ரிலேயும் ஓஎல்பியும்

பிடிசி ரிலேயைக் காது கிட்ட வச்சு ஆட்டுங்க. உள்ள கலகலன்னு சத்தம் வந்தா வில்லை உடைஞ்சிருச்சு, அளக்கவே வேணாம், மாத்திடுங்க. கருகின வாசனை, பின் சொருகுற ஓட்டைல கறுப்பு இருந்தாலும் அதே. சத்தம் இல்லன்னா பின் சொருகுற ரெண்டு ஓட்டைலயும் மீட்டரை வச்சு அளங்க, நல்லா ஆறினதுக்கு அப்புறம். மேல சொன்ன 15, 22, 33 மாதிரி ஏதாவது ஒண்ணு வரும், நிறைய ரிலே மேல அந்த எண்ணு அச்சடிச்சே இருக்கும், மூணு நாலு ஓம் முன்ன பின்ன வந்தாப் பரவாயில்ல. OL வந்தா திறந்துருச்சு, ஸ்டார்ட்டிங் வைண்டிங்குக்கு கரண்டே போகல, ரிலே மாத்தினா ஓடிடும். சைபருக்குப் பக்கத்துல வந்தா வில்லை ஷார்ட், அத அப்படியே ஓட்டினா ஸ்டார்ட்டிங் வைண்டிங் எரியும்.

பழைய ஃப்ரிட்ஜ்ல காயில் ரிலே இருக்கும், அதுல “மேல் பக்கம்”னு ஒரு அம்புக்குறி போட்டிருக்கும். உள்ள ஒரு சின்ன எடை தன்னோட பாரத்துல கீழ உக்காந்திருக்கும், காயில்ல பெரிய கரண்டு போனா மேல எழும்பி காண்டாக்ட்டைச் சேக்கும். அத நேரா பிடிச்சு அளந்தா ஸ்டார்ட் காண்டாக்ட் திறந்திருக்கணும், தலைகீழா திருப்பினா சேரணும். சாய்ச்சு மாட்டினா வேலை செய்யாது.

ஓஎல்பியை ஆறினதுக்கு அப்புறம் அதோட ரெண்டு முனைலயும் அளந்தா ஒரு ஓமுக்கும் கீழ, கிட்டத்தட்ட சைபர்தான் வரணும். OL வந்தா அது போச்சு. அளக்கும்போதே சொருகுற கிளிப்பு தளதளன்னு இருக்கா, கருகியிருக்கான்னும் பாருங்க, லூஸ் கிளிப்பே பாதி கேஸுக்குக் காரணம், குறடு வச்சு லேசா அழுத்தி டைட் பண்ணிடலாம்.

இங்க எனக்கு வந்தது ரிலே 23 ஓம், ஓஎல்பி சைபர் கிட்ட, ரெண்டும் புதுசு, ரெண்டும் நல்லது. பழைய ரிலேயையும் பெரியம்மா ஒரு டப்பால எடுத்து வச்சிருந்தாங்க, அத ஆட்டிப் பாத்தேன், சத்தம் இல்ல, அளந்தேன், 22 ஓம். அப்ப மாத்துறதுக்கு முன்னாடியே ரிலே நல்லாத்தான் இருந்திருக்கு.

நாலாவது, ஓட விட்டு அளக்குறது, இதுதான் முக்கியம்

பார்ட் எல்லாம் நல்லாருக்கு, மோட்டார் சுத்தல. இந்த இடத்துலதான் பெரும்பாலும் “ஜாம்”னு சொல்லிட்டுக் கிளம்பிடறாங்க. ஆனா இதுவரைக்கும் நாம அளந்தது எல்லாம் கரண்டு இல்லாதப்ப. மோட்டார் தவிக்கிற அந்தப் பத்து செகண்டுல என்ன நடக்குதுன்னு பாக்கணும்.

அதுக்கு ஒரு சின்ன டெஸ்ட் வயர் செஞ்சு வச்சுக்கோங்க. ஒரு பக்கம் பிளக், இன்னொரு பக்கம் ரெண்டு சாக்கெட் உள்ள ஒரு பாக்ஸ், நடுவுல ஒரு அடி நீளத்துக்கு ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூணும் தனித்தனி வயரா, ஒவ்வொண்ணும் இன்சுலேஷனோட. கிளாம்ப் மீட்டரை ஃபேஸ் வயர்ல மட்டும் மாட்டணும், மூணையும் சேத்துப் பிடிச்சா போறதும் வர்றதும் கழிஞ்சு சைபர்தான் காட்டும். ஒரு சாக்கெட்ல ஃப்ரிட்ஜ், இன்னொண்ணுல மல்டிமீட்டரை ஏசி வோல்ட்ல வச்சு. இப்படி செஞ்சா கம்ப்ரசர் கவர் மூடியே இருக்கும், நாமளும் தள்ளி நின்னே பாக்கலாம். கிளாம்ப் மீட்டர்ல இன்ரஷ்னு ஒரு பட்டன் இருந்தா நல்லது, இல்லன்னா மேக்ஸ் ஹோல்ட், ஏன்னா அந்த முதல் செகண்டு கண்ணால பிடிக்க முடியாது.

போட்ட உடனே நீங்க கவனிக்க வேண்டியது மூணு எண்ணு. அந்த முதல் செகண்டோட உச்ச ஆம்பியர், முனகும்போது நிலையா நிக்கிற ஆம்பியர், முனகும்போது இருக்கிற வோல்டேஜ்.

நல்ல ஃப்ரிட்ஜ்ல உச்சம் ஆறு ஏழு ஆம்பியர் தொட்டுட்டு அடுத்த செகண்டே ஒண்ணுக்குக் கீழ விழுந்துடும், முனகலே இருக்காது. ஸ்டார்ட் ஆகாததுல உச்சத்தையும் நிலையான ஆம்பியரையும் ஒப்பிட்டுப் பாருங்க. முதல் செகண்டுல ரெண்டு வைண்டிங்கும் இழுக்குது, பிடிசி சூடாகி விலகினதும் ரன்னிங் மட்டும் இழுக்குது, அதனால உச்சம் நல்லா உசந்து அப்புறம் ஒரு படி இறங்கி நின்னா ரிலே தன் வேலையைச் செஞ்சிருச்சு, ஸ்டார்ட்டிங் வைண்டிங்குக்கு கரண்டு போயிருக்கு, அப்பவும் மோட்டார் சுத்தல, குத்தம் வேற எங்கயோ. ஆரம்பத்துலேர்ந்தே ஒரே ஆம்பியரா தட்டையா நின்னா ஸ்டார்ட்டிங் வைண்டிங்குக்கு கரண்டே போகல, ரிலேயோ கிளிப்போ, இல்ல ரிலே ஆறாம டெஸ்ட் பண்ணிட்டீங்களோ. படி இறங்காம உச்சத்துலயே நின்னா பிடிசி விலகல.

ஒவ்வொரு தடவைக்கும் நடுவுல பத்து நிமிஷம் விடுங்க, வில்லையும் ஆறணும், சிஸ்டத்துல அதிக பிரஷர் பக்கமும் குறைஞ்ச பிரஷர் பக்கமும் கேப்பிலரி குழாய் வழியா சமமாகவும் அவ்வளவு நேரம் வேணும். அவசரப்பட்டு போட்டு போட்டு எடுத்தா நல்ல கம்ப்ரசரும் டக்குன்னுதான் அடிக்கும். கரண்டு போய் உடனே வந்ததும் ஒரு தடவை டக் அடிச்சு அடுத்த தடவை ஓடிடுதுன்னா அது இதனாலதான், அதுக்கு பயப்பட வேணாம், நேரத் தாமதம் உள்ள ஸ்டெபிலைசர் இருந்தாலே போதும்.

பெரியம்மா வீட்ல கிடைச்சது இது. ஃப்ரிட்ஜ் ஓடாதப்ப 212 வோல்ட். போட்டதும் உச்சம் 7.9 ஆம்பியர், அப்புறம் 5.2க்கு இறங்கி நிலையா நின்னுச்சு, ஒன்பதாவது செகண்டுல டக். அப்ப ரிலே நல்லா விலகியிருக்கு. ஆனா அந்த முனகல் முழுக்க வோல்டேஜ் 171. நான் மீட்டரைப் பாத்து நிமிர்ந்தப்பவே பெரியம்மா “என்னப்பா, என்ன காட்டுது”ன்னு கேட்டாங்க, “பெரியம்மா, கம்ப்ரசர் மேல இன்னும் தப்பு சொல்லாதீங்க”ன்னு சொன்னேன்.

171 ஏன் பெரிய விஷயம்னா, ஸ்டார்ட் ஆகுற முறுக்கு வோல்டேஜோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி போகும். 230ல இருக்க வேண்டியது 171ல இருந்தா வோல்டேஜ் முக்கால் பங்கு இருக்கிற மாதிரித் தெரியும், ஆனா முறுக்கு கிட்டத்தட்ட 55 சதவீதம்தான். அதுல மலை மேல டிசம்பர் குளிர்ல உள்ள எண்ணெயும் கெட்டியா இருக்கும். சும்மா சாக்கெட்ல அளந்தா 212 வோல்ட், யாருக்கும் சந்தேகமே வராது, மெக்கானிக்கும் அப்படித்தான் அளந்திருப்பாரு. லோடு இழுக்கும்போது அளந்தாத்தான் தெரியும்.

அஞ்சாவது, அந்த வோல்டேஜ் எங்க தொலையுது

41 வோல்ட் எங்கயோ போகுது. ஈபி லைன்லயா, வீட்டுக்குள்ளயா? பெரியப்பாவை மீட்டர் போர்டு கிட்ட சாக்கெட்ல மல்டிமீட்டரோட நிக்க வச்சுட்டு பத்து நிமிஷம் கழிச்சு ஃப்ரிட்ஜைப் போட்டேன். அங்க 212லேர்ந்து 206தான் இறங்குச்சு. லைன்ல போறது 6 வோல்ட்தான், அது சகஜம். மிச்சம் 35 வோல்ட் வீட்டுக்குள்ள, போர்டுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவுல. 35ஐ 5.2 ஆம்பியரால வகுத்தா ஆறே முக்கால் ஓம் கிட்ட வருது. நல்ல வயரிங்ல ஒரு ஓமே அதிகம். அதைவிட 35 வோல்டும் 5.2 ஆம்பியரும் பெருக்கினா 180 வாட்டுக்கு மேல, அவ்வளவு சூடும் ஏதோ ஒரு மூட்டுல இறங்குது.

ஃப்ரிட்ஜ் சமையலறைக்கு மாத்தினப்ப சாக்கெட் எட்டலன்னு ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கிப் போட்டிருந்தாங்க. பிளக்கைப் பிடுங்கிட்டு அந்தப் பாக்ஸைத் திறந்தேன், உள்ள நியூட்ரல் பட்டைல பிளக் பின் கவ்வுற இடம் கறுத்து நீலம் பாரிச்சுப் போயிருந்துச்சு, வயர் ஸ்க்ரூவும் கையாலயே சுத்துற அளவுக்கு லூஸ். ஃப்ரிட்ஜை ஹால்ல இருக்கிற 16 ஆம்பியர் சாக்கெட் பக்கம் நகத்தி, டெஸ்ட் வயர் வழியா நேரா போட்டேன். 204 வோல்ட், உச்சம் எட்டைத் தாண்டுச்சு, அடுத்த செகண்டு 0.7 ஆம்பியர், முனகல் இல்லாம மெதுவா ஓட ஆரம்பிச்சிருச்சு. மறுநாள் ஒரு எலக்ட்ரீஷியன் வந்து சமையலறைக்கே தனி வயர் இழுத்து 16 ஆம்பியர் சாக்கெட் போட்டுக் குடுத்தாரு.

இந்த மாதிரி கேஸ்ல நிறைய பேரு ஸ்டெபிலைசர் வாங்கிப் போடுவாங்க. மெயின் லைன்லயே வோல்டேஜ் கம்மின்னா ஸ்டெபிலைசர்தான் வழி, அத மறுக்கல. ஆனா லூஸ் கனெக்‌ஷனுக்கு அப்புறம் ஸ்டெபிலைசரை மாட்டினா அது வோல்டேஜை ஏத்துறதுக்காக இன்னும் அதிக ஆம்பியரை அதே கெட்ட மூட்டு வழியா இழுக்கும், மூட்டு இன்னும் சூடாகும், வோல்டேஜ் இன்னும் இறங்கும். அதனால முதல்ல மீட்டர் போர்டுல ஒண்ணு, ஃப்ரிட்ஜ் கிட்ட ஒண்ணு, ரெண்டு இடத்துலயும் லோடோட அளந்துட்டு வித்தியாசம் பத்து வோல்டுக்கு மேல இருந்தா வயரிங்கைப் பாருங்க, போர்டுலயே இறங்கினா ஸ்டெபிலைசரைப் பாருங்க, போர்டுல இருபது முப்பது வோல்ட் இறங்குதுன்னா மின்வாரியத்துல சொல்லி சர்வீஸ் வயர் மூட்டைப் பாக்கச் சொல்லுங்க.

எல்லாம் சரி, ஆனாலும் ஓடலன்னா

வைண்டிங் கணக்கு சரி, ரிலே படி இறங்குது, முனகும்போதும் 200க்கு மேல வோல்டேஜ் இருக்கு, பத்து நிமிஷம் ஆற விட்டும் அதே டக். இப்பத்தான் ஜாம்னு சொல்லலாம். மெக்கானிக்குங்க இதுக்கு கெப்பாசிட்டரோட சேந்த ஸ்டார்ட்டிங் கிட் ஒண்ணு போட்டுப் பாப்பாங்க, அது ஸ்டார்ட்டிங் வைண்டிங்குக்கு ஒரு பலமான உதை குடுக்கும். சில கம்ப்ரசர் அதுல கிளம்பிடும். ஆனா உள்ள தேஞ்சு இறுகினது இறுகினதுதான், எத்தனை நாள் ஓடும்னு சொல்ல முடியாது, அந்த நேரத்துல கம்ப்ரசருக்கு காசு சேத்துக்கலாம்னு வேணா வச்சுக்கோங்க. கிட் போட்டும் அசையலன்னா கம்ப்ரசர்தான்.

முன்னாடி சொன்ன இன்னொரு கதை, நல்லா ஓடிட்டு பத்து இருபது நிமிஷத்துல டக்னு நிக்கிறது. அம்மாபேட்டைல தறி ஓட்டுற ஒரு சொந்தக்காரர் வீட்ல இப்படித்தான், ஓடும்போது ஆம்பியர் ஒண்ணுக்குக் கீழ, எல்லாம் நார்மல், ஆனா கம்ப்ரசர் மேல கை வைக்க முடியல. ஃப்ரிட்ஜ் பின்பக்க கம்பி வலை முழுக்க பஞ்சுத் தூசி ஒரு போர்வை மாதிரி ஒட்டியிருந்துச்சு, செவுத்தோட ஒட்டி வேற வச்சிருந்தாங்க. பிரஷ் போட்டு சுத்தம் பண்ணி ஒரு சாண் தள்ளி வச்சதும் சரியாயிருச்சு. ஓஎல்பி கரண்டுக்கு மட்டும் இல்ல, டப்பா சூட்டுக்கும் அடிக்கும். வலை சுத்தம், டப்பா சூடும் சாதாரணம், ஆம்பியரும் சாதாரணம், ஆனாலும் அடிக்குதுன்னா அப்ப ஓஎல்பி தகடே தளந்துருச்சு, அத மாத்துங்க.

பார்ட் வாங்கும்போது

கடைக்குப் போகும்போது கம்ப்ரசர் லேபிளோட ஃபோட்டோவும் பழைய ஓஎல்பியும் ரிலேயும் கைல எடுத்துட்டுப் போங்க. பிடிசில ஓம் எண்ணு ஒண்ணா இருக்கணும். ஓஎல்பி விஷயத்துல விட்டுக் குடுக்கவே கூடாது, ஒவ்வொண்ணும் எந்த ஆம்பியர்ல எத்தனை செகண்டுல அடிக்கணும்னு அந்தந்த கம்ப்ரசருக்கு அளந்து செஞ்சது. பெரிய கம்ப்ரசரோட ஓஎல்பியை சின்னதுல போட்டா டக் நின்னுடும், உண்மைதான், ஆனா அடுத்த தடவை வோல்டேஜ் இறங்கி மோட்டார் நிக்கும்போது கட் பண்ண ஆள் இருக்காது, வைண்டிங் எரியும். ஓஎல்பியை நேரா வயரால இணைச்சு விடுறவங்களும் இருக்காங்க, தயவுசெஞ்சு அத அனுமதிக்காதீங்க, அதுவும் ஆர் 600ஏ ஃப்ரிட்ஜ்ல.

மாட்டும்போது ஓஎல்பியோட தட்டையான முகம் கம்ப்ரசர் டப்பாவோட ஒட்டி உக்காரணும், இடைவெளி இருந்தா சூடு தெரியாம லேட்டா அடிக்கும். கிளிப் எல்லாம் இறுக்கமா, கவர் மூடி, கம்பி கிளிப் மாட்டினதுக்கு அப்புறம்தான் பிளக். போட்டதும் மறுபடி கிளாம்ப்ல ஒரு தடவை பாருங்க, உச்சம், இறக்கம், ஓடுற ஆம்பியர், ஓடுறப்ப வோல்டேஜ். பெரியம்மா வீட்ல இந்த நாலு எண்ணையும் தேதியோட ஒரு பேப்பர்ல எழுதி ஃப்ரிட்ஜ் பின்பக்கம் ஒட்டி வச்சிட்டு வந்தேன், அடுத்து யாரு வந்து பாத்தாலும் அன்னைக்கு எப்படி ஓடுச்சுன்னு ஒப்பிட்டுக்கலாம்.